சென்னையிலிருந்து காயல்பட்டினம்: முதன்முறை கஸ்ர் தொழப் போகிறவருக்கு

போன வருடம் திண்டிவனத்தைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரப் பள்ளிவாசல் ஒன்றில் இஷா ஜமாஅத் நடந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சேர்ந்தபோது இமாம் மூன்றாவது ரக்அத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு இரண்டு ரக்அத் கிடைத்தது. "நாம்தான் முஸாஃபிர் ஆச்சே, இரண்டு போதும்" என்று அவரோடு சேர்ந்து ஸலாம் கொடுத்துவிட்டு எழுந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "தம்பி, உள்ளூர் இமாமுக்குப் பின்னால் நின்றால் நாலுதான். திருப்பித் தொழுங்கள்" என்றார். எனக்குப் பதினைந்து வருடமாகக் கஸ்ர் பழக்கம். அதுவரை இது தெரியாமல்தான் இருந்தேன்.

அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். நான் ஷாஃபிஈ மத்ஹப். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பெரும்பாலானவர்கள் இந்த மத்ஹப்தான். என் மச்சான் ராவுத்தர் குடும்பம், ஹனஃபி. ஒரே காரில் போனாலும் எங்கள் இருவருக்கும் சட்டம் பல இடங்களில் வேறு வேறு. அதனால் கீழே ஷாஃபிஈ வழியை முழுதாகச் சொல்லிவிட்டு, ஹனஃபியில் எங்கே மாறுகிறது என்று அங்கங்கே தொட்டுக் காட்டுகிறேன். உதாரணத்துக்கு ஒரு வியாழக்கிழமை: பகல் பதினொன்றரைக்கு ராயப்பேட்டையில் கிளம்பி, காரில் காயல்பட்டினம் போகும் குடும்பம்.

முதலில்: கஸ்ர் வேறு, ஜம்உ வேறு

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். கஸ்ர் என்றால் நான்கு ரக்அத் ஃபர்ளை இரண்டாகச் சுருக்குவது. லுஹர், அஸர், இஷா மூன்றுக்கு மட்டும்தான். ஃபஜ்ர் ஏற்கெனவே இரண்டு, மஃரிப் மூன்று; இவற்றில் குறைக்க எதுவும் இல்லை. ஜம்உ என்றால் இரண்டு தொழுகைகளை ஒரே வக்தில் அடுத்தடுத்துத் தொழுவது. லுஹரோடு அஸர், மஃரிபோடு இஷா என்ற இரண்டு ஜோடிதான் உண்டு. அஸரையும் மஃரிபையும் சேர்க்க முடியாது, ஃபஜ்ரை எதனோடும் சேர்க்க முடியாது.

ஒன்றில்லாமல் மற்றொன்று நடக்கும் என்பதை ஹஜ்ஜிலேயே பார்க்கலாம். நபி (ஸல்) அவர்கள் மினாவில் தங்கிய நாட்களில் கஸ்ர் செய்தார்கள், ஆனால் ஒவ்வொரு தொழுகையையும் அதனதன் வக்திலேயே தொழுதார்கள். அரஃபாவில் மட்டும் லுஹரையும் அஸரையும் சேர்த்தார்கள், முஸ்தலிஃபாவில் மஃரிபையும் இஷாவையும் சேர்த்தார்கள். ஊரில் இறங்கி மூன்று நாள் சும்மா இருக்கும்போதும் சேர்த்துச் சேர்த்தே தொழுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மினாதான் நினைவுக்கு வரும். சட்டப்படி கூடாது என்று ஷாஃபிஈயில் சொல்ல முடியாது. ஆனால் தேவை இல்லாத இடத்தில் விட்டுவிடுவதே நல்லது.

ஹனஃபி மத்ஹபில் அந்த அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் ஜம்உ கிடையாது. என் மச்சான் என்ன செய்வார் என்றால், லுஹரை அதன் வக்தின் கடைசியில் தொழுதுவிட்டு, அஸர் வக்து நுழைந்ததும் அஸரைத் தொழுவார். பார்ப்பதற்குச் சேர்த்தது போலிருக்கும், உண்மையில் இரண்டும் அதனதன் வக்திலேயே இருக்கும்.

கிளம்புமுன்: இது பயணம்தானா?

குர்ஆன் 4:101இல் பூமியில் பயணம் செய்யும்போது தொழுகையைச் சுருக்குவது குற்றமில்லை என்று வருகிறது. எத்தனை தூரம் என்று அங்கே சொல்லப்படவில்லை. ஃபுகஹாக்கள் பிரிந்தது இந்த இடத்தில்தான்.

ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகள் இப்னு உமர் (ரலி), இப்னு அப்பாஸ் (ரலி) இருவரின் நடைமுறையைப் பிடித்துக்கொண்டன. அவர்கள் நான்கு பரீத் தூரத்தில் சுருக்கினார்கள். ஒரு பரீத் நான்கு பர்ஸக், ஒரு பர்ஸக் மூன்று மைல். ஆக 48 பழைய அரபு மைல், சுமை ஏற்றிய ஒட்டகம் இரண்டு நாளில் போகும் தூரம். அந்த மைல் எத்தனை முழம் என்பதிலேயே கருத்து வேறுபாடு இருப்பதால், கிலோமீட்டருக்கு மாற்றும்போது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். பெரும்பாலும் 80 முதல் 90 கி.மீ.க்குள் வந்து நிற்கும். ஹனஃபிகள் மூன்று நாள் நடைப்பயணம் என்றார்கள். நம் நாட்டு ஹனஃபி உலமாக்களில் தேவ்பந்த் வழியினர் அதைச் சுமார் 77 கி.மீ. என்றும், பரேல்வி வழியினர் சுமார் 92 கி.மீ. என்றும் கணக்கிடுகிறார்கள். இப்னு தைமிய்யா (1263–1328) கிலோமீட்டரும் வேண்டாம் நாளும் வேண்டாம் என்றார். மக்கள் வழக்கத்தில் எதைப் பயணம் என்கிறார்களோ அதுவே பயணம் என்பது அவர் கருத்து. ஹதீஸை மட்டும் வைத்துப் பேசுகிறவர்கள், நபியவர்கள் மூன்று மைல் அல்லது மூன்று பர்ஸக் தூரம் வெளியே போனால் இரண்டு ரக்அத் தொழுதார்கள் என்ற அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பைக் காட்டுவார்கள். மைலா பர்ஸக்கா என்ற சந்தேகம் அறிவிப்பாளருக்கே இருந்தது.

சென்னையிலிருந்து காயல்பட்டினம் 600 கி.மீ.க்கு மேல், அங்கே எந்தச் சண்டையும் இல்லை. தகராறு காஞ்சிபுரம் போன்ற ஊர்களில்தான். சுமார் 75 கி.மீ., அதையும் ஊர் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். நான் அங்கே முழுதாகத்தான் தொழுவேன். திருநெல்வேலி–நாகர்கோவிலும் கிட்டத்தட்ட அதே மாதிரி விளிம்பில் நிற்கிற தூரம். 90க்குக் குறைந்தால் நான்கு தொழுவது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு. ஷாஃபிஈயில் நான்கு தொழுதால் பயணத்திலும் செல்லும் என்பதால் இதில் நஷ்டம் இல்லை. ஹனஃபிக்கு இந்தச் சுலபம் கிடையாது. அங்கே கஸ்ர் வாஜிப். இரண்டாவது ரக்அத்தில் அத்தஹிய்யாத்துக்கு உட்காராமல் நான்கு தொழுதுவிட்டால் ஃபர்ளே பாழாகும்.

அளப்பதில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, போக வரச் சேர்த்துக் கூட்டுவது. 50 கி.மீ. போய் 50 கி.மீ. திரும்பினால் அது 100 ஆகாது, ஒருவழித் தூரம் மட்டுமே கணக்கு. இரண்டாவது, குறுக்குவழி இருக்க, சுருக்கித் தொழ வேண்டும் என்பதற்காகவே சுற்றுவழியில் போவது. வேறு காரியம் இருந்து சுற்றினால் சரி, இதற்காக மட்டும் என்றால் ஷாஃபிஈயில் கூடாது. மூன்றாவது, சேருமிடம் இல்லாத ஓட்டம். ஊருக்குள்ளேயே நாளெல்லாம் 200 கி.மீ. டாக்ஸி ஓட்டுகிறவர் முஸாஃபிர் இல்லை. கிளம்பும்போதே "இந்த ஊருக்குப் போகிறேன், அது இவ்வளவு தூரம்" என்ற முடிவு மனதில் இருக்க வேண்டும். பாவமான காரியத்துக்காகவே போகிற பயணத்துக்கு ஷாஃபிஈயில் சலுகை கிடையாது, ஹனஃபியில் உண்டு.

எத்தனை நாள் தங்கப் போகிறோம்?

இதையும் கிளம்புமுன்னே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏன் என்பது கீழே இரவுத் தொழுகையைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

ஷாஃபிஈயில், போய்ச் சேரும் நாளையும் கிளம்பும் நாளையும் விட்டுவிட்டு நடுவில் நான்கு முழு நாட்கள் ஓரிடத்தில் தங்க எண்ணினால், அந்த ஊரில் கால் வைத்ததுமே பயணம் முடிந்துவிடும். இதற்கு நபியவர்களின் இறுதி ஹஜ்ஜை ஆதாரமாகச் சொல்வார்கள். துல்ஹஜ் 4ஆம் நாள் மக்காவுக்கு வந்து 8ஆம் நாள் மினாவுக்குப் புறப்பட்டார்கள், அதுவரை சுருக்கியே தொழுதார்கள். ஹனஃபியில் எல்லை 15 நாள்.

நம் குடும்பம் வியாழன் இரவு பதினொன்றரைக்குள் போய்ச் சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை கிளம்பினால் நடுவில் வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று நான்கு முழு நாட்கள். ஊருக்குள் நுழைந்ததிலிருந்து முழுத் தொழுகைதான். திங்களே கிளம்பினால் மூன்றுதான், கடைசி வரை கஸ்ர் செய்யலாம். மச்சானுக்கு இரண்டு கணக்கிலும் கஸ்ர்தான்.

எத்தனை நாள் ஆகும் என்றே தெரியாமல், "இன்று முடியும், நாளை முடியும்" என்று ஒரு வேலைக்காகக் காத்திருந்தால் அது வேறு கணக்கு. பத்திரப் பதிவுக்காக அலைகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஷாஃபிஈயில் 18 நாள் வரை அவர் சுருக்கலாம். நான்கு நாளுக்குள் முடியாது என்று முன்பே தெரிந்திருந்தால் இது பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேள்வி இருக்கிறது: காயல்பட்டினம் உங்களுக்குச் சொந்த ஊரா, போகிற ஊரா? அங்கே பிறந்து, சென்னையில் பன்னிரண்டு வருடமாகக் குடும்பத்தோடு இருக்கிறவர்களிடம் கேட்டால் பாதிப்பேர் திகைப்பார்கள். உங்கள் வதன் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், நிலையாகக் குடியிருக்கும் ஊரைச் சொல்லுங்கள். உம்மா வாப்பா அங்கே இருக்கிறார்கள், வருடத்துக்கு இரண்டு முறை போகிறோம் என்பதால் மட்டும் அது ஷாஃபிஈயில் வதன் ஆகிவிடாது. ஆனால் மனைவி மக்கள் காயலில், நீங்கள் மட்டும் வேலைக்குச் சென்னையில் என்றால் கதை வேறு. ஊருக்குள் நுழைந்ததுமே முகீம், அதாவது உள்ளூர்வாசி ஆகிவிடுவீர்கள், ஒரு நாள் தங்கினாலும் நான்குதான். உங்கள் நிலைமையைச் சொல்லி ஊர் ஹஜ்ரத்திடம் ஒருமுறை கேட்டு முடிவு செய்துகொண்டால், ஒவ்வொரு பெருநாளுக்கும் வீட்டில் விவாதம் நடக்காது.

எங்கே தொடங்கும்?

கார் கேட்டைத் தாண்டியதும் தொடங்காது. ஊரின் கட்டடங்களை விட்டு வெளியே வந்த பிறகுதான். நபியவர்கள் மதீனாவில் லுஹரை நான்காகத் தொழுதுவிட்டுக் கிளம்பி, துல்ஹுலைஃபாவில் அஸரை இரண்டாகத் தொழுதார்கள் என்று அனஸ் (ரலி) சொல்வது இதைத்தான். துல்ஹுலைஃபா மதீனாவிலிருந்து பத்து கி.மீ. அளவுதான். ஆனால் அவர்கள் போய்க்கொண்டிருந்தது மக்காவுக்கு. எவ்வளவு தூரம் போனால் பயணம் என்பதற்கு அல்ல, எங்கிருந்து சுருக்கத் தொடங்கலாம் என்பதற்குத்தான் இது ஆதாரம் என்று ஃபுகஹாக்கள் சொல்வார்கள்.

சென்னையில் சிக்கல் என்னவென்றால், ஊர் எங்கே முடிகிறது என்றே தெரியாது. குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் என்று கட்டடம் கட்டடமாக ஒட்டிக்கொண்டே போகும். ஒட்டிக் கிடக்கும் ஊர்களை ஒரே ஊராக எடுத்துக்கொள்வார்கள். எனவே தாம்பரத்தில் சுருக்காதீர்கள். செங்கல்பட்டு தாண்டிவிட்டால் யோசிக்கவே வேண்டாம். உம்ராவுக்குப் போகிறவர்கள் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கஸ்ரும் ஜம்உம் சேர்த்துத் தொழுவதைப் பார்த்திருக்கிறேன். சென்னைவாசிக்கு அது இன்னும் ஊருக்குள்தான், அங்கே நான்கே.

பகல் நிறுத்தம்: முற்படுத்திச் சேர்ப்பது

பதினொன்றரைக்குக் கிளம்பியபோது லுஹர் வக்து வரவில்லை. இரண்டு மணிக்குத் திண்டிவனம் பக்கம் சாப்பிட நிறுத்துகிறோம். லுஹர் வக்து ஓடிக்கொண்டிருக்கிறது, அஸர் வர ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. இப்போதே இரண்டையும் தொழுதுவிட்டால் மாலை வரை நிறுத்த வேண்டாம். இதற்குப் பெயர் ஜம்உ தக்தீம்.

ஒளுச் செய்து கிப்லாவை நோக்கி நின்று, "லுஹர் ஃபர்ளு இரண்டு ரக்அத் கஸ்ராகத் தொழுகிறேன், அஸரை இதோடு சேர்க்கிறேன்" என்று மனதில் எண்ணித் தக்பீர் கட்டுங்கள். கஸ்ரின் நிய்யத் தக்பீர் கட்டும்போதே இருந்தாக வேண்டும். மறந்து சாதாரணமாகக் கட்டிவிட்டால் நான்கு தொழ வேண்டியதுதான். சேர்க்கும் நிய்யத்துக்குக் கொஞ்சம் இடம் உண்டு, லுஹரின் ஸலாமுக்குள் வந்துவிட்டால் போதும். இரண்டு ரக்அத் முடித்து ஸலாம் கொடுத்ததும் எழுந்து இகாமத் சொல்லி அஸரை இரண்டாகத் தொழுங்கள். வரிசை மாறக் கூடாது, லுஹர்தான் முதலில்.

தவறு நடப்பது நடுவில்தான். ஸலாம் கொடுத்ததும் போன் வருகிறது, பிள்ளை அழுகிறது, "சாப்பாடு வந்துடுச்சு" என்று யாரோ கூப்பிடுகிறார்கள். இரண்டு ரக்அத் சுருக்கமாகத் தொழுகிற நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால் சேர்ப்பு முறிந்துவிடும். பிறகு அஸரை அதன் வக்தில்தான் தொழ வேண்டும். லுஹருக்கு ஒன்றும் ஆகாது. இகாமத் சொல்லும் நேரம், ஒளு முறிந்து மறுபடி ஒளுச் செய்யும் நேரம் இதில் சேராது. இடையில் சுன்னத் தொழாதீர்கள். லுஹரின் பின் சுன்னத் தொழ விரும்பினால் அஸரை முடித்துவிட்டுத் தொழலாம்.

நிறுத்திய இடத்துப் பள்ளியில் ஜமாஅத் நடந்துகொண்டிருந்தால்? என் கதைதான். முழுதாகத் தொழும் இமாமைக் கடைசி இருப்பில் ஒரு நொடி பின்தொடர்ந்தாலும் நான்கு கடமையாகிவிடும். தெரியாத ஊரில் இமாம் உள்ளூர்க்காரரா பயணியா என்று தெரியாவிட்டாலும் நான்காகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அன்று திருப்பித் தொழுததும் நான்குதான், தனியாகத் தொழுதபோதும். ஏனென்றால் ஷாஃபிஈயில் ஒருமுறை நான்கு கடமையான பிறகு அந்தத் தொழுகை பாழானாலும் திருப்பும்போது நான்குதான். மச்சான் அந்த நிலையில் தனியாகத் திருப்பினால் இரண்டு. இதற்கு நேர்மாறாக நீங்கள் இமாமாக நின்று உள்ளூர்க்காரர் பின்னால் நின்றால், நீங்கள் இரண்டில் ஸலாம் கொடுப்பீர்கள், அவர் எழுந்து மீதி இரண்டை முடிப்பார். தொடங்குமுன் "நான் பயணி, நீங்கள் முழுமையாக்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் சலசலப்பு எழும்.

இரவு: பிற்படுத்திச் சேர்ப்பது

மஃரிப் வக்து நுழையும்போது கார் திருச்சியைத் தாண்டி ஓடுகிறது. மதுரையில் எட்டரைக்கு நிறுத்தி மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுவதாகத் திட்டம். இது ஜம்உ தஃகீர்.

இங்கே இடைவெளி, வரிசை பற்றிய கெடுபிடி இல்லை. ஆனால் ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது: மஃரிபின் வக்து முடிவதற்குள், "இதை இஷாவோடு சேர்ப்பதற்காகத் தள்ளிவைக்கிறேன்" என்று மனதில் எண்ணியிருக்க வேண்டும். மேற்கே செம்மை மறையும் வரைதான் மஃரிப். நம் ஊரில் சூரியன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். எண்ணாமல் தூங்கிப்போனாலோ பேச்சில் விட்டுவிட்டாலோ மஃரிப் களாவாகிவிடும். எங்கள் வண்டியில் பாங்கு செயலி ஒலித்ததும் யாராவது ஒருவர் "மஃரிபை இஷாவோடு சேர்க்கிறோம், எல்லோரும் நிய்யத் வையுங்கள்" என்று குரல் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. மதுரையில் மஃரிப் மூன்று, இஷா இரண்டு.

இப்போது அந்தத் தங்கும் நாள் கணக்குக்கு வருகிறேன். மதுரையில் நிறுத்தாமல் "வீட்டுக்கே போய்த் தொழுவோம்" என்றால்? திங்கள் கிளம்புகிற திட்டம் என்றால் காயலிலும் நீங்கள் முஸாஃபிர், அங்கே போய் மூன்றும் இரண்டுமாகத் தொழலாம். செவ்வாய் வரை தங்குவதாக இருந்தாலோ, காயல்தான் உங்கள் வதன் என்றாலோ, ஊருக்குள் நுழைந்ததுமே பயணம் முடிந்தது. பிற்படுத்திச் சேர்ப்பதில் இரண்டாவது தொழுகையை முடிக்கும் வரை பயணம் நீடிக்க வேண்டும். அப்படியானால் மஃரிப் களாவாகவும் இஷா நான்காகவும் ஆகிவிடும். இந்த நிலையில் இருப்பவர்கள் மதுரையிலோ தூத்துக்குடியிலோ தொழுதுவிட்டே ஊருக்குள் போக வேண்டும்.

களா பற்றி இன்னொன்று. வீட்டில் விட்ட தொழுகையைப் பயணத்தில் தொழுதால் எல்லா மத்ஹபிலும் நான்கு. பயணத்தில் விட்டதை வீட்டில் தொழுதால் ஷாஃபிஈயில் நான்கு, ஹனஃபியில் இரண்டு.

வியாழனைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. வெள்ளிக்கிழமை ஃபஜ்ர் வக்து நுழைந்த பிறகு ஊரை விட்டுக் கிளம்பினால், வழியில் ஜும்ஆ கிடைக்கும் என்ற உறுதி வேண்டும், அல்லது கிளம்பாவிட்டால் பாதிப்பு வரும் என்ற நிலை வேண்டும். ஃபஜ்ருக்கு முன்பே கிளம்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

திரும்பும்போது

திங்கள் காலை கிளம்பி வருகிறோம். லுஹரை அஸரோடு சேர்ப்பதாக நிய்யத் வைத்தாயிற்று. மாலை நாலரைக்குச் செங்கல்பட்டு சுங்கச்சாவடியில் வண்டி ஊர்கிறது, "இன்னும் கொஞ்ச நேரம்தானே, வீட்டில் தொழுதுகொள்ளலாம்" என்று எல்லோருக்கும் தோன்றும். வீட்டுக்குப் போனால் லுஹர் களா நான்கு, அஸர் நான்கு, ஆக எட்டு. சாவடிக்கு முன்னாலேயே ஒரு பள்ளியைப் பார்த்து ஒதுங்கினால் இரண்டும் இரண்டும்.